வழியனுப்பு விழாக் கவிதை

பட்டணத்துக் கல்லூரிக்குப் புறப்படும் பையன், மன்றத்து நண்பர்கள் முன்னால் வாசிக்க ஒரு கவிதை வேண்டும். கண்ணீர், பிரிவு என்று எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்திவிடும். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

பட்டணம் போகிறேன், பெட்டியில் துணி நாலு;
கட்டம் கீறிய கபடிக் களத்தில் புல் ஏற விடாதீர்;
சுட்ட சோளத்தில் என் பங்கு தம்பிக்கு;
விட்ட ஆட்டத்தைப் பொங்கலுக்கு வந்து முடிப்பேன்.

பட்டணம், கட்டம், சுட்ட, விட்ட: முதல் எழுத்து எல்லாம் குறில், இரண்டாம் எழுத்து 'ட்'. இதுதான் எதுகை. மைக் கரகரத்தாலும் அடுத்த வரி தொடங்குவதைக் காது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஊரில் சோளமே விளையாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எதுகைக்காகப் பயிரை மாற்றினால் பின்வரிசை சிரித்துவிடும்!