இரண்டு கணக்குகளும் ஒரு வரியும்
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நிறுவனம் நூறு கோடி ரூபாய் லாபம் ஈட்டியதாகப் பங்குதாரர்களுக்கு அறிவிக்கிறது. அதே ஆண்டில் வருமான வரித் துறையிடம், வரிக்குரிய வருமானம் ஐந்து கோடிதான் என்கிறது. இது பொய்க்கணக்கு அல்ல; இரண்டும் சட்டப்படி சரியானவை. கம்பெனிச் சட்டத்தின்படி எழுதுவது ஒரு கணக்கு, வருமான வரிச் சட்டத்தின்படி எழுதுவது வேறொரு கணக்கு.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைத் தொழிற்சாலையை வைத்துப் பார்ப்போம். செலவுகள் போக அதற்கு 120 கோடி மிஞ்சுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் 300 கோடிக்குப் புதிய இயந்திரம் வாங்கியிருக்கிறது. இயந்திரம் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று கொண்டு, பங்குதாரர்களுக்கான கணக்கில் தேய்மானம் 20 கோடி எழுதப்படுகிறது. எனவே லாபம் 100 கோடி. வரிச் சட்டமோ 15 சதவீதத் தேய்மானத்துடன், புதிய இயந்திரத்திற்கு முதலாண்டில் கூடுதலாக 20 சதவீதத்தையும் அனுமதிக்கிறது. ஆக மொத்தம் 105 கோடி கழிகிறது. மிச்சம் 15 கோடி. நிறுவனத்திற்குச் சொந்த மின் நிலையம் இருந்து, அதன் லாபத்திற்கென்று 10 கோடி விலக்கும் கிடைத்தால், வரிக்குரிய வருமானம் 5 கோடியாகிறது. கூடுதல் வரிகளை விட்டுவிட்டால், 30 சதவீத வீதத்தில் வரி ஒன்றரைக் கோடி. நூறு கோடி லாபத்திற்கு ஒன்றரைக் கோடி!

தேய்மானச் சலுகை வெறும் ஒத்திவைப்புதானே, இன்று அதிகம் கழித்தால் நாளை குறைவாகத்தானே கழிக்க முடியும் என்று வாதிடுவார்கள். ஒரே ஓர் இயந்திரத்திற்கு அது உண்மை. ஆனால் பெருமுதலாளி ஆண்டுதோறும் புதிய இயந்திரம் வாங்குகிறார். பழைய ஒத்திவைப்பு தீருமுன் புதியது வந்து சேர்கிறது. வரி கட்ட வேண்டிய அந்த 'நாளை' தள்ளிக்கொண்டே போகிறது.

இதற்குப் போடப்பட்ட கடிவாளமே குறைந்தபட்ச மாற்று வரி. அதன் தர்க்கம் எளிது. பங்குதாரர்களுக்குக் காட்டிய லாபத்தையே அரசும் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் 'புத்தக லாபம்' என்று பெயர். 2026 மார்ச் வரை இருந்த விதிப்படி, அதில் 15 சதவீதத்தைவிட வழக்கமான வரி குறைவாக வந்தால், அந்த 15 சதவீதத்தைக் கட்டியாக வேண்டியிருந்தது. அதன்படி நமது தொழிற்சாலை 15 கோடி கட்ட வேண்டியிருந்திருக்கும். இதைத் தவிர்க்கப் புத்தக லாபத்தைக் குறைத்துக் காட்டினால் பங்கு விலை சரியும், வங்கியும் கடன் தரத் தயங்கும். வரியைக் குறைக்கும் ஆசையை, பங்குச் சந்தையில் பளபளக்கும் ஆசையோடு மோத விட்டதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

பெரும் லாபம் ஈட்டிய 'பூஜ்ய வரி' நிறுவனங்கள் பற்றிய கண்டனம் வலுத்த பின்னர், 1987இல் ராஜீவ் காந்தி தாமே தாக்கல் செய்த பட்ஜெட்டில் இது வந்தது. மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1996இல், இடதுசாரிகளின் ஆதரவைப் பெற்றிருந்த ஐக்கிய முன்னணி அரசின் பட்ஜெட்டில் மீண்டும் வந்தது. பின்னர் நீடித்த வடிவத்தை 2000ஆம் ஆண்டின் 115ஜேபி பிரிவு தந்தது. தொடக்கத்தில் 7.5 சதவீதமாக இருந்த வீதம் படிப்படியாக 18.5 சதவீதம் வரை உயர்ந்தது; 2019இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது.

இதிலும் ஓட்டைகள் இருந்தன. நமது தொழிற்சாலை கூடுதலாகக் கட்டிய பதின்மூன்றரைக் கோடி அரசுக்கு நிரந்தரமாகச் சேர்ந்திருக்காது. 2026 மார்ச் வரை இருந்த விதிப்படி, அது வரவாக வைக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகளுக்குள் வழக்கமான வரி அதிகமாகும்போது கழித்துக்கொள்ளப்பட்டது. மேலும், தணிக்கை செய்யப்பட்டுப் பொதுக்குழு ஏற்ற கணக்கை, சட்டம் குறிப்பிட்டுள்ள திருத்தங்களுக்கு அப்பால் வரி அதிகாரி கிளறக் கூடாது என்று 2002இல் அப்போலோ டயர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பெரிய அடி 2019 செப்டம்பரில் விழுந்தது. குறிப்பிட்ட சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு 22 சதவீத வரி போதும், மாற்று வரி கிடையாது என்று அவசரச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே கணக்குச் சொன்னது. சலுகையே இல்லாதபோது கடிவாளம் எதற்கு என்பது அரசின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு: புதிய முறையில் கூடுதல் தேய்மானமும் மின் நிலைய விலக்கும் இல்லாததால், நமது தொழிற்சாலை 75 கோடிக்கு 16.5 கோடி கட்ட வேண்டியிருக்கும். ஆனால் கைவிட்ட சலுகைகளால் உண்டானவை தவிர்த்த பழைய வணிக நட்டங்களைக் கழிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அத்தகைய நட்டத்தைச் சுமந்து வரும் நிறுவனம் இந்த ஆண்டு நூறு கோடி லாபம் ஈட்டினாலும், வரி பூஜ்யமாகலாம். அதைத் தடுக்கும் தரைதான் அகற்றப்பட்டுவிட்டது.

தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். 'வரிக்கு முந்தைய லாபம்' என்ற வரிக்குக் கீழே 'நடப்பு வரி', 'ஒத்திவைக்கப்பட்ட வரி' என இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டாவது, ஏட்டில் எழுதும் பதிவு மட்டுமே. அந்த ஆண்டு அரசுக்குப் போகும் பணம் அல்ல. எனவே நடப்பு வரியை மட்டும் எடுத்து, லாபத்தால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு போதாது. ஐந்தாறு ஆண்டுகளுக்குச் செய்யுங்கள். விகிதம் தொடர்ந்து தாழ்ந்தே இருந்தால், காரணம் பழைய நட்டமா, தேய்மானமா, விலக்கா என்பது வரி பற்றிய குறிப்புரையில் இருக்கும். அந்தப் பக்கத்தை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.