குலையை வெட்டுமுன் விலை பேசு

(நீர்வேலியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி அண்மையில் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தாள். ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் எட்டு வருடம் வேலை செய்தவள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அவளை அறைக்குள் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். “எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்” என்று தட்டச்சு செய்து, அவளுடைய பெயரும் திகதியும் போட்டு, கையொப்பத்துக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தார்கள். “தங்கச்சி, இதிலை கையெழுத்தைப் போடுங்கோ, காசு கெதியா வந்திடும்” என்றாராம் முகாமையாளர். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று எழும்பி வந்துவிட்டாள். அந்த ஒரு சொல்தான் அவளைக் காப்பாற்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, வேலையாளரின் தொழிலை முடிவுறுத்துவது பற்றிய சட்டம். ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. “தற்காலிகமாக வீட்டில் நில்” என்று சொன்னாலும், கடையை இழுத்துப் பூட்டினாலும், அதுவும் தொழிலை முடிவுறுத்தியதாகவே கொள்ளப்படும். அனுமதியில்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஆணையாளர் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம்.

நிறுவனம் ஏன் விலகல் கடிதத்தோடு வந்தது என்று இப்போது விளங்குகிறதா? அவள் தானாக விலகியதாகக் கடிதம் இருந்தால், நிறுத்தப்பட்டவள் என்று யாருமில்லை. நிறுத்தப்பட்டவர் இல்லாத இடத்தில் இந்தச் சட்டத்துக்கும் வேலையில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக நிற்கிற பாதுகாப்பை அந்த வெறுங்கோட்டில் வைத்து அழிக்கப் பார்த்தார்கள்.

காசுக் கணக்கையும் பாருங்கள். ஆணையாளர் அனுமதி கொடுத்தால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கும் வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாவது வருடத்திலிருந்து பதினான்காவது வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேலே வீதம் படிப்படியாகக் குறையும். உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இந்தப் பிள்ளையின் சம்பளம் 60,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், மிச்ச மூன்று வருடத்துக்கு ஆறு மாதம், ஆகப் பதினெட்டரை மாதச் சம்பளம். அது 11,10,000 ரூபாய். பணிக்கொடை இதற்குள் அடங்காது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி இன்னொரு 2,40,000 வரும். ஊழியர் சேமலாப நிதியோ அவளுடைய சொந்தக் காசு, அதை ஒருவரும் தானம் பண்ணத் தேவையில்லை.

நிறுவனம் நீட்டியது எவ்வளவு? “எல்லாம் சேர்த்து ஆறு மாதச் சம்பளம்” என்றார்கள். 3,60,000. அதற்குள் பணிக்கொடையும் இருந்தது. அப்படியென்றால் எட்டு வருட வேலையை இழப்பதற்கு அவர்கள் வைத்த உண்மையான விலை 1,20,000 ரூபாய், இரண்டு மாதச் சம்பளம்!

ஆனால் நான் இன்றைக்குக் காசைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் முதலில் கேட்டது காசை அல்ல. “ஏன் என்னைத் தெரிஞ்சவை?” என்றுதான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அந்த நிறுவனத்தில் ஒருவரும் இல்லை.

நிறுவனம் நட்டப்படலாம், இரண்டு பிரிவுகளை ஒன்றாக்க வேண்டியும் வரலாம். அதை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு பேர் செய்த வேலைக்கு இனி எட்டுப்பேர் போதும் என்று கணக்கு உண்மையாகவே காட்டினால், அதைக் காட்டட்டும். நான் கேட்பது ஒழுங்கு. முதலில் எந்த வேலை இல்லாமற் போகிறது என்று சொல். அடுத்து, அந்த வேலையையும் அதையொத்த வேலையையும் செய்கிற எல்லோரையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவா. பிறகு அளவுகோலைச் சொல். பெயர் கடைசியில்தான் வர வேண்டும். நடப்பதோ தலைகீழ். பெயரை முதலில் மனதில் எழுதிவிட்டு, அந்தப் பெயருக்குப் பொருந்தும்படி அளவுகோலைப் பிறகு வெட்டுகிறார்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளித்தாளைக் கேளுங்கள். நான்கு தலைப்பு, தலைப்புக்கு 25 புள்ளி என்று வைத்துக்கொள்வோம்: சேவைக்காலம், வேலைத்திறன், வரவு, “மனப்பாங்கு”. ஒரு தாய் பிள்ளைப்பேற்று விடுமுறை 84 நாள் எடுத்திருக்கிறாள். வரவில் அவளுக்கு 10 போட்டு மொத்தம் 64 ஆக்கிவிட்டார்கள். தப்புவதற்கு 68 வேண்டும். சட்டம் கொடுத்த விடுமுறையைக் கழித்துவிட்டு எண்ணினால் வரவுக்கு 22 வரும், மொத்தம் 76. அவள் நிற்க வேண்டியவள், போக வேண்டியவர் வேறொருவர். ஒரே ஒரு பெட்டியில் ஒரு குடும்பத்தின் சோறு போய்விடுகிறது. அந்த “மனப்பாங்கு” என்ற பெட்டி இன்னும் மோசம். அதற்குப் பதிவேடு இல்லை, சாட்சி இல்லை. மேலதிக நேரக் காசைக் கேட்டவனுக்கும் சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் அங்கேதான் வெட்டு விழும். ஆவணம் காட்ட முடியாத தலைப்புக்குப் புள்ளி கூடாது. புள்ளியை ஒருவர் தனியே போடக் கூடாது. போட்ட புள்ளியை உரியவருக்குக் காட்ட வேண்டும், பிழையென்றால் முறையிட வேறொருவர் இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் பொதுவிதி, ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது. மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அங்கே 1957ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, சேவைமூப்புப் பட்டியலை ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்னரே அறிவித்தல் பலகையில் ஒட்டவும் வேண்டியிருந்தது. யாரும் பார்த்து, “என் திகதி பிழை” என்று சொல்லக்கூடியதாக இருந்தது. எனக்கு அந்த முறையில் பிடித்தது அதுதான்: நியமனக் கடிதத்தை வைத்துச் சரிபார்க்கலாம், முகாமையாளரின் மனதுக்குள் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

ஆனாலும் நம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்து 2009க்குப் பிறகுதான் பல நிறுவனங்கள் வடக்கில் கிளை திறந்தன. நாடு முழுவதையும் ஒரே பட்டியலாக்கிக் கடைசியாக வந்தவரை அனுப்பினால், அடியில் நிற்பது பெரும்பாலும் நம்முடைய பிள்ளைகள்தான். மாறாக, யாழ்ப்பாணக் கிளையை மட்டும் தனி வட்டமாக்கி மூடினால், பக்கத்து மாவட்டத்தில் அதே வேலைக்கு ஆள் தேவைப்பட்டாலும் இங்கே அத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள். ஆகவே வட்டத்தை எங்கே கீறுவது என்பதுதான் முதற் சண்டை. அதை நிறுவனம் தனியே கீற விடக் கூடாது. அதற்குத்தான் கலந்தாலோசனை.

2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை மூடப்பட்டது. 1,400க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. செலவு தாங்கவில்லை என்றது நிறுவனம். தங்களோடு முன்கூட்டிப் பேசவில்லை என்று முறையிட்டது தொழிற்சங்கம். அதே நிறுவனத்துக்கு வேறு இரண்டு தொழிற்சாலைகள் தொடர்ந்து நடந்தன. அங்கே எத்தனை பேருக்கு இடம் உண்டு, யார் போக விரும்புகிறார்கள் என்பதெல்லாம் பூட்டுப் போடுமுன் மேசையில் இருந்திருக்க வேண்டிய கேள்விகள்.

இலண்டனில் உறவினர் இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓரிடத்தில் நூறு பேரையோ அதற்கு மேலோ நிறுத்துவதானால், முதல் ஆள் போவதற்கு 45 நாள் முன்னரே சங்கத்தோடு பேசத் தொடங்க வேண்டும். அந்த நாட்டிலேயே 2022 மார்ச் 17ஆம் திகதி பி அன்ட் ஓ என்ற கப்பல் நிறுவனம் 786 மாலுமிகளை ஒரு வீடியோச் செய்தியில் நிறுத்தியது. ஏன் பேசவில்லை என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது, எந்தச் சங்கமும் இதை ஏற்றிருக்காது, அதனால் பேசாமல் விட்டோம் என்று நிறுவனத் தலைவர் ஒப்புக்கொண்டார். பேசினால் நியாயம் கேட்பார்கள் என்பதற்காகவே பேசாமல் விடுகிறார்கள், தோழர்களே! நேரமில்லை என்பதெல்லாம் சாட்டு.

நேரமில்லாத காலத்திலும் பேச முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2020இல் கொரோனா ஊரை முடக்கியபோது தொழில் தருநர் சம்மேளனமும் சங்கங்களும் தொழில் அமைச்சும் ஒரே மேசையில் இருந்தன. வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அதைக் கொடுப்பது என்று இணங்கின. காசு போதாதுதான். ஆனால் ஆளை வெட்டாமல் சுமையைப் பகிர வழி உண்டு என்று அந்த மேசை காட்டியது.

நீர்வேலியில் வாழைக்குலை பேசுகிறவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. குலையை வெட்டிப் போட்டுவிட்டு விலை பேசப் போனால், வாங்குகிறவன் சொன்னதுதான் விலை. பெயர்ப் பட்டியல் முடிந்த பிறகு கூப்பிட்டு “உங்கள் கருத்து என்ன” என்று கேட்பது வெட்டிய குலைக்கு விலை பேசுவது. திட்டம் எழுதப்படும்போதே பேச வேண்டும். வரவு செலவுக் கணக்கைத் தர வேண்டும். அதைப் படிக்க நாள் தர வேண்டும், தமிழில் தர வேண்டும். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்து, மேலதிக நேரத்தைக் குறை, போக விரும்புகிறவரை முதலில் கேள் என்று நாங்கள் சொன்னால், ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் வர வேண்டும்.

எங்களுடைய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெரிவு இப்படித்தான் நடக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதவில்லை. அது குறை, திருத்தப்பட வேண்டும். ஆனாலும் அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் ஆணையாளரின் கையில் இருக்கிறது. ஆகவே விசாரணைக்குப் போகிறவர்கள் காசை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வட்டத்தை யார் கீறினார், புள்ளித்தாள் எங்கே, யார் கையொப்பம் என்று கேட்டுப் பதிவு பண்ணுவியுங்கள்.

எல்லோருக்கும் இந்தச் சட்டம் உதவாது. பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்திலும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவருக்கும் இது செல்லாது. ஆனால் “கிளையில் பத்துப் பேர்தானே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ண வேண்டியது அந்தக் கிளையை அல்ல, அந்த முதலாளியிடம் வேலை செய்கிற எல்லோரையும்.

தம்பி தங்கைமாரே, அறைக்குள் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள், கூட வருகிறோம். நிறுத்தின நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அந்தப் பிள்ளையின் முறைப்பாட்டை நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம்.