பில்லில் இருக்கிற வரி யாருடைய பணம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கூட்டமைப்புக் கணக்காளர் ஆற்றிய உரை)



பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கிற நம்ம குழுக்களில் இருந்து இந்த வருஷம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "டவுன் கடையில சரக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா ஜிஎஸ்டி பில் இருக்கான்னு கேட்டுட்டு, இல்லைன்னா விலையைக் குறைக்கச் சொல்றாங்க. ஏன்?" இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் இந்த வரி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2007 ஜனவரி 1 முதல் நம்ம மாநிலத்தில் 'வாட்' என்ற மதிப்புக் கூட்டு வரி இருந்தது. 2017 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு ஜிஎஸ்டி வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பொருள் கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும், அந்த இடத்தில் கூடின மதிப்புக்கு மட்டும் வரி.

நம்ம லிக்விடையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாட்டில் நான்கு கொண்ட ஒரு பெட்டி. இதற்கு ஆசிட் ஸ்லரி, காஸ்டிக் சோடா, கலர், சென்ட், காலி பாட்டில் எல்லாம் வாங்குகிறோம். உப்புக்கு வரி இல்லை, மற்றவற்றுக்கு இப்போது 18 சதவீதம். தயாரான லிக்விடுக்கும் அதே 18 சதவீதம்தான். உப்பின் விலை மிகச் சிறியது என்பதால் இந்தக் கணக்கில் அதை விட்டுவிடுகிறேன். குழு ஜிஎஸ்டியில் பதிவு செய்திருக்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம்.

மூலப்பொருள் வியாபாரி நமக்கு 100 ரூபாய் சரக்கு கொடுக்கிறார். பில்லில் 18 ரூபாய் வரி சேர்த்து 118 வாங்குகிறார். அந்த 18 ரூபாய் அவர் வழியாக அரசாங்கத்துக்குப் போகிறது. அவருக்கு முன்னாடி இருந்த கைகளிலும் இதே கதைதான். நாம் இங்கிருந்து எண்ணுவோம்.

நாம் அதைக் கலக்கி, நிரப்பி, லேபிள் ஒட்டி, 150 ரூபாய்க்குக் கடைக்குக் கொடுக்கிறோம். நம்ம உழைப்பும் லாபமும் சேர்ந்து கூடினது 50 ரூபாய். 150க்கு வரி 27. கடைக்காரர் நமக்கு 177 தருகிறார். அந்த 27 ரூபாயை அப்படியே கட்ட வேண்டுமா? வேண்டாம். மூலப்பொருள் வாங்கும்போதே 18 கொடுத்துவிட்டோம். அதைக் கழித்துக்கொண்டு மீதி 9 ரூபாய் கட்டினால் போதும். இந்தக் கழிவுக்குத்தான் 'உள்ளீட்டு வரி வரவு' என்று பெயர். ஆடிட்டர் ஆபீசில் 'இன்புட்' என்று சொல்வார்கள்.

கடைக்காரர் அதற்கு மேல் 50 ரூபாய் வைத்து 200 ஆக்குகிறார். வரி 36 சேர்த்து 236. நான்கு பாட்டில் என்பதால் ஒரு பாட்டில் 59 ரூபாய். அவர் வாங்கின வரி 36, நமக்குக் கொடுத்தது 27, அதனால் அவர் கட்டுவது 9.

இப்போது கூட்டிப் பாருங்கள். வியாபாரி 18, நாம் 9, கடைக்காரர் 9. மொத்தம் 36. வீட்டுக்கு நான்கு பாட்டில் வாங்கிப் போன அம்மா கொடுத்த வரி எவ்வளவு? அதே 36. கட்டினவர்கள் மூன்று பேர், சுமந்தவர் ஒருவர். பஸ்ஸில் கண்டக்டர் பையில் காசு நிறைய இருக்கும், ஆனால் அது அவர் காசு இல்லை. அதுபோல நடுவில் இருக்கிற ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் வாங்கி, தான் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கட்டுகிறார்கள். கடைசியாக வாங்குகிறவருக்கு மட்டும் அடுத்த ஆள் கிடையாது. அவர் அந்த லிக்விடில் பாத்திரம் கழுவிவிடுகிறார், யாருக்கும் விற்கவில்லை. அதனால் வரி முழுவதும் அவர் தலையில் தங்குகிறது. பில்லில் இந்த 18 சதவீதம் 9, 9 என்று இரண்டு வரியாக இருக்கும். ஒரு பாதி மத்திய அரசுக்கு, மறுபாதி மாநில அரசுக்கு.

இதையெல்லாம் கடைசியில் ஒரே தடவையாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கடைசிக் கடைக்காரர் பில் போடாமல் விற்றால் 36 ரூபாயும் போய்விடும். இப்போது அவர் ஏமாற்றினாலும் 27 ரூபாய் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். அதோடு, வாங்குகிற ஒவ்வொருவரும் தன் கழிவுக்காக முந்தினவரிடம் பில் கேட்டு வாங்குவார்கள்.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு, தமிழ்நாட்டில் வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்பது போன்ற சிலவற்றுக்கு விதி வேறு. நம்ம குழுக்கள் உள்ளூரில் விற்பதால் பெரும்பாலும் பதிவு இல்லாமல் இருக்கின்றன. அதில் தப்பே இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் வரி போடக் கூடாது, வாங்கும்போது கொடுத்த வரியையும் கழிக்க முடியாது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது.

என்ன ஆகும் பாருங்கள். நமக்கு மூலப்பொருள் 118 ரூபாய்க்குத்தான் வருகிறது. அந்த 18 திரும்பி வராது, அதனால் அதுவும் நம்ம செலவு. நம்ம 50 ரூபாயை விடாமல் இருக்க வேண்டுமென்றால் 168க்குக் கொடுக்க வேண்டும். பதிவு செய்த கடைக்காரர் தன் 50ஐச் சேர்த்தால் 218. அதன்மேல் 18 சதவீதம் போட்டால் 257 ரூபாய் 24 காசு. பாட்டில் 59க்குப் பதில் 64 ரூபாய்க்கு மேல் போகிறது. வரிக்கு மேலேயே வரி ஏறிவிட்டது. 59 ரூபாய் பாட்டில் பக்கத்தில் இருக்கும்போது இதை யார் எடுப்பார்கள்?

அதனால்தான் கடைக்காரர், "150க்குத் தாங்க, எடுத்துக்கறேன்" என்கிறார். அவர் கணக்குப்படி அது சரிதான். பதிவு செய்த கம்பெனியிடம் 177 கொடுத்தாலும் 27 கழிந்துவிடுவதால், சரக்கு அவருக்கு 150க்குத்தான் அடக்கம். ஆனால் நாம் 150க்குக் கொடுத்தால் 118 போக 32 ரூபாய்தான் நிற்கும். கடைசி ஆள் சுமக்க வேண்டிய 18 ரூபாய் நம்ம கூலியில் இருந்து போகிறது. பெட்டிக்கு 18 என்றால் நூறு பெட்டிக்கு 1,800 ரூபாய்.

உடனே எல்லாரும் பதிவு பண்ணிடலாமா? அவசரப்படாதீர்கள். வாரச் சந்தையிலும் கண்காட்சியிலும் வீடு வீடாகவும் நேராக விற்கிற குழுவைப் பாருங்கள். 118 சரக்கு, தயாரிப்புக்கு 50, கடைக்காரர் வைக்கிற 50ஐயும் நாமே வைத்துக்கொண்டால் 218. பாட்டில் 54 ரூபாய் 50 காசு. கடையில் 59. இங்கே பதிவு இல்லாததுதான் லாபம். பதிவு இல்லாத பெட்டிக்கடைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அவருக்கு நம்ம ஜிஎஸ்டி பில் எந்தக் கழிவும் தராது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நம்ம சரக்கை வாங்குகிறவர் வரியைக் கழித்துக்கொள்கிறவரா, இல்லை கடைசியாகச் சுமக்கிறவரா?" என்பதுதான்.

1 சதவீதம் கட்டுகிற 'காம்போசிஷன்' என்ற எளிய முறையும் இருக்கிறது. அதிலும் வரியைத் தனியாக வாங்கக் கூடாது, கழிவும் இல்லை. டவுன் கடைக்காரருக்கு அது உதவாது.

பதிவு செய்தால் வேலையும் வரும். மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனையே இல்லாவிட்டாலும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் கட்டணம். கடைக்காரர் கடன் சொன்னாலும் நாம் வரியை நேரத்துக்குக் கட்டியாக வேண்டும். இன்னொன்று, நமக்குச் சரக்கு கொடுத்தவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், நாம் கொடுத்த 18 நம்ம வரவில் ஏறாது. அது ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் இணையதளத்தில் GSTR-2B என்ற அறிக்கையைப் பார்த்தால் தெரியும். பில் கையில் இருப்பது மட்டும் போதாது.

டவுன் கடைகளுக்குக் கொடுக்க விரும்புகிற குழுக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டமைப்பு ஒன்று மட்டும் பதிவு செய்துகொள்வது. மூலப்பொருளைக் கூட்டமைப்பே ஜிஎஸ்டி பில்லோடு 118க்கு வாங்கி, சலான் போட்டுக் குழுவுக்கு அனுப்பும். குழு தயாரித்துக் கொடுத்துக் கூலியாக 50 வாங்கும். கூலி வேலை சேவைக் கணக்கில் வரும். அது வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை குழுவுக்குப் பதிவு வேண்டியதில்லை. கூட்டமைப்பு 150க்கு விற்று 27 வரி வாங்கி, 18 கழித்து 9 கட்டும். குழுவின் 50 ரூபாய் குறையாது. தாக்கல் செய்கிற செலவுக்குக் கூட்டமைப்புக்கு ஏதாவது வேண்டும், அதைச் சேர்த்து விலை வைக்க வேண்டும். ஆனால் ஒரு பிடி எல்லாரும் கவனிக்க வேண்டும். குழு தன் காசில் சரக்கு வாங்கிச் செய்து கூட்டமைப்புக்கு விற்றால் கண்ணி மறுபடியும் அறுந்துவிடும். வாங்குகிற பில் கூட்டமைப்பின் பெயரில் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, நாமே வாங்குகிறவர்களாக நிற்கும்போது இரண்டு விஷயம். பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பில்லில் வரி போட்டிருந்தால் 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைக்கு அது 33 என்று தொடங்கும். சந்தேகம் வந்தால் www.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண் இல்லாமல் வரி வாங்கினால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகாது.

உங்கள் குழு யாருக்கு எவ்வளவு விற்கிறது என்று கடைகளுக்குத் தனியாக, நேர் விற்பனைக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அதைப் பார்த்துத்தான் கூட்டமைப்பு பதிவு செய்வதா வேண்டாமா என்று நாம் முடிவெடுக்க முடியும்.