நெற்றியில் தொலைந்த நிறம்

உச்சி வெயிலில் எடுத்த முகப்படம். நெற்றியிலும் வெயில் பட்ட கன்னத்திலும் வெள்ளைத் திட்டு. தோலின் வரியும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. “ஓவர் ஆயிடுச்சு” என்று படம் எடுத்தவர் அதை அழிக்கப் போகிறார். அழிக்கும்முன் அந்தத் திட்டு எப்படி உண்டானது என்று பார்த்துவிடுவது நல்லது.

கேமராவின் திரையில் தெரிவது ஜேபெக் படம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 255தான் உச்சம். வெயிலில் வெள்ளைத்துணி வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்பதற்காக, சென்சார் தந்த சிவப்பை கேமரா ஏறத்தாழ இரு மடங்காகப் பெருக்கிக்கொள்கிறது. மாநிறமோ கறுப்போ, எந்தத் தோலிலும் சிவப்பே மிகுதி. ஆகவே பெரும்பாலும் அதுதான் முதலில் 255-ஐ முட்டுகிறது. ரா கோப்பில் இருப்பதோ பெருக்கலுக்கு முந்தைய அளவு. லைட்ரூமில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கினால், தொலைந்ததாக நினைத்த நெற்றி பல படங்களில் அப்படியே திரும்பிவிடும். பிறகு நிழல் பகுதியை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் வேலை கடினம். கைத்திறன் தெரிவதும் இங்கேதான்.

ஒரு படத்தில் திட்டின் ஓரத்தை ஃபோட்டோஷாப்பில் அளந்தால் சிவப்பு 255, பச்சை 226, நீலம் 196 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு முட்டிவிட்டதால் அந்த ஓரம் மஞ்சள் பாய்ந்து தெரியும். ஆனால் பச்சைச் சேனலைத் தனியே திறந்தால் நெற்றி வரிகள் அங்கே பத்திரமாக இருக்கும். படத்தின் மேல் ஒரு நகல் லேயர் வைத்து, பச்சைச் சேனலை அதில் பதித்து, லேயரை லூமினாசிட்டி முறைக்கு மாற்றி, மாஸ்க் போட்டுத் திட்டின்மேல் மட்டும் விட்டால் வரிகள் முகத்துக்கு வந்துவிடும். மஞ்சளைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

திட்டின் நடுவில் மூன்றும் 255 என்றால் மீட்க எதுவுமில்லை. அங்கே ஹைலைட்ஸை இறக்கினால் 228, 228, 228 என்று மூன்றும் ஒன்றாக இறங்கும். தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். மூன்று எண்ணும் சமமாக இருப்பதே அதற்கு அடையாளம். தோலில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளவு குறைந்துகொண்டே போக வேண்டும். புதிய லேயரை டார்க்கன் முறையில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் 10 சதவீத ஃப்ளோவில் மெல்ல ஏற்றலாம். வெள்ளையில் மட்டும் நிறம் ஏறும். எடுத்த நிறத்தைவிடக் கறுத்த தோல் மாறாது. கொஞ்சம் நாய்ஸ் சேர்க்காவிட்டால் அந்த இடம் பிளாஸ்டிக்போல் வழுவழுத்துவிடும்.

இது மீட்பு அல்ல, ஓவியம். சிறு திட்டுக்குச் சரி. புருவம் முதல் முடியோரம் வரை வெளுத்த முகத்தில் இப்படி வரைந்தால், அது அந்த மனிதரின் நெற்றியாக இராது.

வியர்வையில் மின்னும் சிறு புள்ளிகளைத் தொடவே கூடாது. அவை சூரியனின் நேர்ப் பிரதிபலிப்பு. அவற்றையும் அடக்கினால் வெயிலில் நின்றவர் மேகத்தடியில் நின்றதுபோல் ஆகிவிடுவார்.