பாஸ்வேர்டு கேட்காதீர்கள்

(ஆண்டு சந்திப்பில் பேசியதிலிருந்து)



எங்க ஆத்தாவுக்கு வயது 68. காரைக்குடியில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். கணக்கைப் பார்த்துக்கொள்ள அவருடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்திருந்தேன். வங்கி மேலாளர்தான் கண்டித்தார்: "தம்பி, 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதியைப் படிச்சீங்களா? பாஸ்வேர்டைப் பிறரிடம் கொடுத்ததால் பணம் போனால், புகார் செய்யும்வரை போன அத்தனையும் வாடிக்கையாளர் தலையில்தான்."

ஆத்தாவே கிளைக்கு வந்து, 'பார்க்க மட்டும்' என்று எழுதிய அதிகாரக் கடிதத்தில் கையெழுத்திட்டார். என் அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்தேன். எனக்குத் தனி யூசர் ஐ.டி. கிடைத்தது. வரவு செலவு தெரியும். பணம் எடுக்க முடியாது. ஓ.டி.பி. வரும் செல்பேசி எண் ஆத்தாவுடையதே. அதை நம் எண்ணாக மாற்றினால், பாஸ்வேர்டை வாங்கியதற்குச் சமம்.

மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்தமாகியிருந்தது. பதறிப்போய்க் கேட்டேன். "பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு நான்தான்பா கையெழுத்துப் போட்டேன்" என்றார்!

இந்த வசதி எல்லா வங்கியிலும் இராது. இல்லாத இடத்தில், பாஸ்புக்கில் பதிந்து இருவரும் சேர்ந்து பாருங்கள். இன்னொன்று: கொடுத்தவர் நினைவு தப்பிவிட்டால் இந்தக் கடிதம் செல்லாது. அவர் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள்.