நாராயண மூர்த்தி சொல்லாத முதலீடு: போலி வீடியோ விளம்பரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

(கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டீப்ஃபேக் என்றாலே நமக்குத் தேர்தல்தான் ஞாபகத்துக்கு வரும். மறைந்த தலைவர்கள் திரையில் வந்து பேசியதை எல்லாம் பார்த்துவிட்டோம். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது நம் வட்டக் குழுவிலும் குடும்பக் குழுவிலும் சத்தமில்லாமல் வந்து விழுகிற இன்னொரு வகை. ஒரு பெரிய தொழிலதிபர் திரையில் வந்து, "இந்தத் திட்டத்தில் பணம் போடுங்கள்" என்று சொல்வார். அவர் சொல்லியே இருக்க மாட்டார். நம்பிப் பணம் போட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த அம்மாவாக இருப்பார்.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி பேசுவது போல ஒரு வீடியோ 2023 கடைசியில் இருந்து சுற்றியது. மேடையில் இயல்பாக உட்கார்ந்து பேசுகிறார். தானும் தன் குழுவும் ஒரு புது மென்பொருளை உருவாக்கியிருப்பதாகவும், அதில் சேருகிறவர் முதல் நாளே 3,000 டாலர், அதாவது இரண்டரை லட்சம் ரூபாய் வரை சம்பாதிக்கலாம் என்றும் சொல்கிறார். 2023 டிசம்பரில் மூர்த்தியே எக்ஸ் தளத்தில் மறுப்பு வெளியிட்டார். இப்படிப்பட்ட எந்தத் தானியங்கி வர்த்தகச் செயலியையும் நான் ஆதரிக்கவில்லை, முதலீடு செய்யவும் இல்லை, செய்தித்தாள் இணையதளம் போல வேடம் போட்ட போலிப் பக்கங்களில் இவை வருகின்றன என்றார். மறுப்பு வந்த பிறகும் வீடியோ நிற்கவில்லை. 2024 நவம்பரில் பெங்களூருவில் இரண்டு பேர், மூர்த்தி, முகேஷ் அம்பானி ஆகியோரின் போலி வீடியோக்களை நம்பி, இருவருமாகச் சேர்த்து 87 லட்சம் ரூபாய் இழந்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார்கள். படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாராவது சொன்னால், அது ஐ.டி. நகரத்தில் நடந்தது என்று ஞாபகப்படுத்துங்கள்.

சரி, அந்த வீடியோ எப்படித் தயாராகிறது? இது புரிந்தால் தடயம் எங்கே இருக்கும் என்பதும் புரிந்துவிடும். முழு மனிதரையும் புதிதாக உருவாக்குவதில்லை. அவர் ஏற்கெனவே ஏதோ ஒரு கூட்டத்தில் பேசிய உண்மையான வீடியோவை எடுக்கிறார்கள். மேடை உண்மை, சட்டை உண்மை, கையசைவு உண்மை, பின்னால் உள்ள டி.வி. சேனல் முத்திரைகூட உண்மையாக இருக்கலாம். மாற்றுவது இரண்டைத்தான். ஒன்று, குரல். அவர் பேசிய பழைய பதிவுகளைக் கொடுத்து, அதே குரலில் புது வசனத்தைப் பேச வைக்கிறார்கள். இன்னொன்று, வாய். மூக்குக்குக் கீழே தாடை வரை உள்ள பகுதியை மட்டும் புது வசனத்துக்குப் பொருந்தும்படி வரைந்து ஒட்டுகிறார்கள். அதனால்தான் பார்த்தவுடனே நம்பிவிடுகிறோம். திரையில் முக்கால்வாசி நிஜம்தானே!

அப்போ எங்கே பார்க்கணும்? வாயைத்தான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சுலபம். ப, ம என்ற எழுத்துகள் பிறக்க வேண்டுமானால் மேலுதடும் கீழுதடும் ஒட்டியே ஆகணும். நன்னூல் காலத்திலேயே எழுதி வைத்த சங்கதி இது. ஆங்கிலத்தில் பேசினாலும் இந்தியில் பேசினாலும் இதே விதிதான். "மணி", "பீப்பிள்", "பிளாட்ஃபார்ம்", "கம்பெனி" என்று சொல்லும்போது உதடு மூடுகிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட வாய் அந்த இடத்தில் பல நேரம் அரைகுறையாகத் திறந்தே இருக்கும். யூடியூபில் வேகத்தைக் குறைக்க வசதி இருக்கிறது. 0.25 வேகத்தில் வைத்து இரண்டு வாக்கியம் பார்த்தாலே போதும். பல்லும் அப்படித்தான். தனித்தனிப் பல்லாகத் தெரியாமல் ஒரு வெள்ளைப் பட்டையாகத் தெரியும், நொடிக்கு நொடி வடிவம் மாறும். தலையைத் திருப்பும்போதோ, மைக் அல்லது கை வாயின் குறுக்கே வரும்போதோ தாடை ஓரம் லேசாக நடுங்கும். வீடியோ தயாரித்தவனுக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த மாதிரி இடம் வந்தவுடனே ரூபாய் நோட்டு, வரைபடம், சந்தோஷமான குடும்பம் என்று வேறு காட்சிக்குத் தாவிவிடுவான். பெரிய எழுத்து வாசகத்தை வாய்க்குக் கீழேயே ஓட விடுவான்.

குரலில் கவனிக்க வேண்டியது மூச்சு. மூர்த்திக்கு அப்போதே 77 வயது. அந்த வயதில் ஒருவர் நீளமாகப் பேசினால் நடுவில் நிறுத்துவார், மூச்சு வாங்குவார், ஒரு வார்த்தையைத் தேடுவார். போலிக் குரல் ஒரே சீராக, செய்தி வாசிக்கிற மாதிரி போகும். உச்சரிப்பு திடீரென்று வெளிநாட்டுக்காரர் மாதிரி ஆகும். கைதட்டல், இருமல், நாற்காலி நகர்கிற சத்தம் எதுவும் இருக்காது. கூட்டத்தில் பேசுகிறவர் குரல் அறைக்குள் தனியாகப் பதிவு செய்தது போல ஏன் கேட்கணும்?

இதை எல்லாம் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தத் தடயங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன. போன் திரையில், வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய மங்கலான வீடியோவில் பல்லாவது உதடாவது! உண்மை வீடியோவே சில நேரம் உதடும் குரலும் பொருந்தாமல் வரும். ஆகவே குறை தெரிந்தால் சந்தேகப்படலாம். குறை தெரியவில்லை என்பதற்காக நம்பக் கூடாது. "நான் நல்லா உத்துப் பார்த்தேன் அண்ணே, ஒரிஜினல் மாதிரிதான் இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

வாயைவிட வலுவான சாட்சி வாக்குறுதி. வாரம் 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்கணும் என்று 2023 அக்டோபரில் சொல்லி நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பியவர் நாராயண மூர்த்தி. அந்தக் கருத்தில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். அதே மனிதர் இரண்டே மாதத்தில் வந்து, "வேலையே செய்ய வேண்டாம், முதல் நாளே இரண்டரை லட்சம்" என்பாரா? இந்தக் கேள்விக்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. அதோடு, செபியில் பதிவு செய்த யாரும் பங்குச் சந்தை முதலீட்டுக்கு இத்தனை லாபம் நிச்சயம் என்று உறுதி தரக் கூடாது. அந்த ஒரு சொல் வந்தாலே, பேசுகிறவர் நிஜமான அம்பானியாக இருந்தாலும் விளம்பரம் தப்புதான்.

அடுத்து, அந்த வீடியோ எங்கே கூட்டிப்போகிறது என்று பாருங்கள். இணைப்பைத் தொட்டால் பிரபல செய்தித்தாள் போல ஒரு பக்கம் திறக்கும். பெயர்ப்பலகை அச்சு அசலாக இருக்கும். ஆனால் மேலே முகவரிப் பட்டையில் வேறு ஏதோ ஒரு பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தில் எதைத் தொட்டாலும் ஒரே படிவம்தான் வரும், பெயரும் போன் நம்பரும் கேட்கும். பத்து நிமிடத்தில் ஒருவர் கூப்பிடுவார், மரியாதையாகப் பேசுவார். முதலில் 21,000, 22,000 ரூபாய்தான் கேட்பார். வெளிநாடுகளில் இதே மோசடியில் கேட்கிற 250 டாலரை அப்படியே நம் பணத்தில் மாற்றிய கணக்கு அது. பிறகு ஒரு திரையில் உங்கள் பணம் வளர்வதைக் காட்டுவார்கள். அந்தத் திரையில் இருப்பது வெறும் எண், பணம் இல்லை. கொஞ்சம் எடுத்துப் பார்க்கவும் சில பேரை விடுவார்கள், நம்பிக்கை வருவதற்காக. பெரிய தொகையை எடுக்கப் போகும்போதுதான் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். உங்கள் லாபத்தை எடுக்க நீங்களே முன்பணம் கட்டணும் என்றால் அங்கே லாபமே கிடையாது.

விளம்பரம் போட்டது யார் என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் அந்தப் பக்கத்தின் பெயரைத் தொட்டு Page transparency பகுதிக்குப் போங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை முறை மாறியது, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். இந்தியப் பிரமுகர் பற்றிய "செய்தி"யைப் போன வாரம் வரைக்கும் சமையல் குறிப்புப் பக்கமாக இருந்த ஒன்று வெளிநாட்டில் இருந்து காசு கொடுத்துப் பரப்பினால், வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இங்கே ஒரு அரசியல் கேள்வியும் இருக்கிறது, அதைக் கேட்காமல் போக முடியாது. இது யாரோ தெருவில் ஒட்டிய சுவரொட்டி இல்லை. நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற விளம்பரம். மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. மோசடி விளம்பரங்களும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களும் 2024 வருவாயில் சுமார் 10 சதவீதம் கொண்டுவரும் என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்தது. 95 சதவீதம் உறுதியானால்தான் மோசடிக்காரரின் விளம்பரக் கணக்கை முடக்கும் நடைமுறை இருந்தது என்பதே செய்தி. அந்தக் கணிப்பு தோராயமானது, மிகையானது என்று மெட்டா பதில் சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். அதில் பாதி என்றாலும் அது யார் வீட்டுப் பணம்? ஏமாந்தவரைப் பார்த்து "ஏன் விழிப்பா இல்லை" என்று கேட்கிற அரசு, விளம்பரக் காசை வாங்கியவரிடம் அந்தக் காசைத் திருப்பிக் கொடு என்று ஏன் கேட்கவில்லை? இந்தக் கோரிக்கையை நாம் தொடர்ந்து எழுப்பணும்.

செபி செய்திருக்கிற ஒன்று உண்மையிலேயே பயன்படுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்ற தரகர்களும் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களும் பணம் வாங்குகிற யு.பி.ஐ. முகவரியில் @ குறிக்குப் பின்னால் valid என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும். SEBI Check என்ற வசதியில் அந்த முகவரியையோ வங்கிக் கணக்கு எண்ணையோ போட்டு, அது பதிவு பெற்ற நிறுவனத்துடையதுதானா என்று பார்க்கலாம். மோசடிக்காரர் கொடுப்பது பெரும்பாலும் முன்பின் தெரியாத தனி நபரின் கணக்காக இருக்கும். "கம்பெனியில சேர்றதுக்கு எதுக்குங்க தனி ஆளு கணக்கு?" என்று கேட்டாலே பல பேர் போனை வைத்துவிடுவார்கள்.

நம் குழுக்களில் இப்படி ஒரு வீடியோ வந்தால், பகிர்ந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் பணம் போட்டதை மறைத்துவிடுவார், நேரம் போய்விடும். தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இதுல ஏதாவது பணம் கட்டிட்டீங்களா?" என்று கேளுங்கள். கட்டியிருந்தால் உடனே 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். விளம்பரத்தைப் புகார் செய்து நீக்குவதற்கு முன்னால் அதன் இணைப்பையும் பக்கத்தின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் அவசரப்பட்டு நீக்கவைத்தால் போலீசுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் கழித்து, "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று இன்னொருவர் கூப்பிடுவார். பெரும்பாலும் அதே கும்பல்தான், அல்லது அவர்களிடம் நம்பர் வாங்கியவன். இதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், அணித் தோழர்கள் பதில் சொல்வார்கள்.