ஒன்றரை அங்குலம் எங்கே போகிறது?

மறைமலை நகரில் தையல் பழகும் சகோதரிகளுக்கு இன்று ஒரு தகவல்.

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது மார்புச் சுற்றில்தான் அதிகம் தவறுகிறது. டேப் முதுகுப் பக்கம் கீழே சரிந்துவிடும், முன்னால் நிற்பவருக்கு அது தெரியாது. பக்கவாட்டில் நின்று, டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம்.

ஒருவருக்கு மார்பு 36 அங்குலம், ஜாக்கெட்டின் கீழ்ச்சுற்று 30 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு பாதி, பின்னால் இரண்டு பாதி என்பதால் நாலால் வகுக்கிறோம். மார்புக்கு 9, தளர்வுக்கு அரை சேர்த்து ஒன்பதரை. கீழே ஏழரை, அரை சேர்த்து 8. வித்தியாசம் ஒன்றரை அங்குலம்.

முன்பாதியில் அந்த ஒன்றரையை டாட்டாகப் பிடிக்க வேண்டும். ஆகவே பிரவுன் பேப்பரில் கீழ்க்கோட்டையும் ஒன்பதரையாகவே வரையுங்கள். டாட்டைத் தைத்ததும் அது எட்டாகிவிடும். தையலுக்கு விடும் துணி இதற்கு மேல் தனி.

டாட் எதுவரை ஏற வேண்டும்? தோளிலிருந்து மார்பின் முனைவரை தனியாக அளந்து பேப்பரில் புள்ளி வையுங்கள். புள்ளிக்கு அரை முதல் முக்கால் அங்குலம் கீழேயே டாட் முடியட்டும். புள்ளியைத் தொட்டால் துணி கூம்பாக எழும்பி நிற்கும். அயர்ன் செய்தாலும் அது படியாது. பிரித்து, டாட்டைக் குறைத்துத்தான் மறுபடி தைக்க வேண்டும்.